12 அடித் தெரு

ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. சௌகார்பேட்டையில் இன்று காலை. தெருவுக்குள்ளேயிருந்து ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள்.

வழியில் அவர் சேலை ஒரு பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டது. தூக்கியவர்கள் நின்று, அதை எடுத்துவிட்டு நடந்தார்கள். மனசு பதறிவிட்டது.

ஆள் நடைக்கும் கைவண்டிக்கும் அமைந்த பழைய தெரு அது. இன்றும் லாரி வெளியே நிற்கும், சரக்கு மீன்பாடி வண்டியில்தான் உள்ளே போகும்.

அகலம் 12 அடி இருக்கும். ஆம்புலன்ஸுக்கு 7 அடியாவது வேண்டும். பைக்கைக் குறுக்கே நிறுத்தினால் 6 அடிக்கு மேல் போய்விடுகிறது. சுவரை ஒட்டி நீளவாக்கில் விட்டால் இரண்டரை அடிதான். ஒரு பக்கம் மட்டும் அப்படி விட்டாலே ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்திருக்கும்.

சாயங்காலம் பார்த்தேன். பாட்டி வீட்டெதிரே வண்டிகளை நீளவாக்கில் திருப்பி வைத்திருந்தார்கள்.