டெஸ்ட் டிரைவில் திரையைத் தூங்க வைத்துப் பாருங்கள்

ஷோரூம் தம்பி காரின் தொடுதிரையை எரியவிட்டு, தன் போனையும் இணைத்து வைத்துத்தான் வண்டியைக் கொடுத்தார். அந்த நிலையில் எந்தத் திரையும் வேகமாகத்தான் இருக்கும். அதனால் வண்டியை அணைத்துப் பூட்டிவிட்டு 20 நிமிடம் டீ குடிக்கப் போனோம். (தம்பி என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.)

திரும்பி வந்து, ஸ்டார்ட் செய்ததும் ரிவர்ஸ் போட்டேன். கேமரா படம் வர 6 நொடி! அமெரிக்காவில் 2 நொடிக்குள் வரவேண்டும் என்பது விதி. புது வண்டியிலேயே இப்படி என்றால், ஐந்தாறு அப்டேட்டுக்குப் பிறகு?

அப்புறம் என் போன். முதல்முறை இணைவது பெரிதில்லை, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் தானாக இணைகிறதா என்பதுதான் விஷயம். இணைந்தது. கேபிளிலும் பார்த்துக்கொண்டேன், வயர்லெஸ் பின்னாளில் மக்கர் செய்தால் அதுதான் கைகொடுக்கும்.

60 கிமீ வேகத்தில், ஏசி விசிறியை முழுதாக வைத்து, "பெரியம்மாவுக்கு போன் போடு" என்றேன். காரின் சொந்தக் குரல் வசதி புரியாமல் விழித்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகப் போனிடம் சொன்னதும் அழைப்பு போனது. இதில் வியப்பில்லை. என் பழைய காரின் மேப்புக்கு வீட்டருகே வந்த மேம்பாலம் இன்றும் தெரியாது, அதே திரையில் போன் மேப் சரியாகக் காட்டுகிறது.

அந்த 6 நொடிக்கு அப்டேட் வருமா என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்தபிறகுதான் முன்பணம்.