அளவெடுப்பதிலிருந்து முடிவெடுப்பது வரை: ஒரு நர்சிங் பாடத்திட்டத்தை மாற்றியமைத்த அனுபவம்

சென்னையில் நர்சிங் ஆசிரியையாக இருக்கும் நான், இங்கிலாந்தின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் உதவியாளர்களாக வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென ஒரு பகுதிநேரப் பாடத்திட்டத்தைச் சக ஆசிரியர்களுடன் சேர்ந்து மாற்றியமைத்தேன். அவர்கள் இங்கே ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பதிவு செய்தவர்கள். அங்கே செவிலியராகப் பதிவு பெற, கணினித் தேர்வோடு, 10 நிலையங்கள் கொண்ட ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். எங்கள் படிப்பு அதற்கான ஆயத்தமே தவிர, பட்டம் தருவதன்று. உதவியாளராக உழைக்கும் நேரம் பட்டப்படிப்பின் மருத்துவமனைப் பயிற்சிக்கு ஈடாகாது என்பதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

நேரத்தை ஒழுங்கு செய்வது எளிதாகவே முடிந்தது. 12 மணி நேர ஷிப்ட் முடித்து அவர்கள் இரவு 8 மணிக்கு வெளியே வரும்போது, குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு தாண்டி 1.30 ஆகியிருக்கும்; ஆகவே பணி முடிந்தபின் வகுப்பு என்ற எண்ணத்தையே கைவிட்டோம். ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு வெவ்வேறு நாட்களில், சென்னை நேரம் பிற்பகல் 3.30-க்கு நடத்தினோம். தமக்கு எந்த நாளில் விடுப்போ அந்த நாளில் சேர்ந்துகொள்ளலாம்.

உண்மையான கடினம் பாடத்துக்குள் இருந்தது. நாள்தோறும் நாடி, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், மூச்சு எண்ணிக்கை எல்லாம் எடுத்து எழுதிப் பழகிய இவர்களுக்கு அளவெடுப்பதைத் திரும்பக் கற்பிப்பது வீண். எடுத்த அளவைச் செவிலியரிடம் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போவதே அவர்களுடைய வேலை. ஆஸ்கியிலோ, முதல் 4 நிலையங்கள் ஒரே நோயாளியைப் பற்றியவை: மதிப்பிட வேண்டும், திட்டமிட வேண்டும், செயல்பட வேண்டும், பலனைப் பார்க்க வேண்டும். இவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது பயிற்சித் தாள்களில் தெளிவாகத் தெரிந்தது. அளவுகள் பிழையின்றி நிரம்பியிருக்க, திட்டத்துக்கான இடத்தில் "செவிலியரிடம் தெரிவிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும்.

எனவே, அளவுகள் இயல்பிலிருந்து விலக விலகக் கூடுதல் மதிப்பெண் தரும் நியூஸ்-2 என்னும் எச்சரிக்கை மதிப்பெண் முறையை மையமாக வைத்து அந்தப் பகுதியை மீண்டும் எழுதினோம். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட இந்த முறையை அவர்களில் பலர் பணியிடத்தில் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அமைத்த ஒரு நிகழ்வு இது. மறதிநோய் உள்ள 84 வயது மூதாட்டி. மூச்சு நிமிடத்துக்கு 22. அதற்கு 2 மதிப்பெண். ஆக்சிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் தராத நிலையில், 94 சதவீதம், 1. மேல் இரத்த அழுத்தம் 108, 1. நாடி 96, 1. வெப்பம் 37.8 டிகிரி, 0. கூட்டினால் 5 வருகிறது. நினைவுநிலையில் பெரும்பாலோர் "விழிப்புடன் இருக்கிறார்" என்று 0 போட்டார்கள். ஆனால் நிகழ்வுக் குறிப்பில், நேற்றுவரை மகளைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று அவரை அடையாளம் காணவில்லை என்று எழுதியிருந்தோம். புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 மதிப்பெண் உண்டு. மொத்தம் 8. ஐந்து என்றால் அவசரமாக மருத்துவ மதிப்பீடு வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று கருதி உடனடி அவசர நடவடிக்கை வேண்டும். மறதிநோய் ஏற்கெனவே இருப்பதால் குழப்பத்தைப் பழையது என்று விட்டுவிடுவதுதான் இங்கே நேரும் தவறு. இன்றைய நிலையை அவருடைய நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால்தான் அது பிடிபடும். அந்த நேற்றைய நிலையை மிக நன்றாக அறிந்தவர், தினமும் குளிப்பாட்டிச் சோறூட்டும் உதவியாளரே. அவர்களுடைய பணி அனுபவத்துக்குப் பாடத்தில் உரிய இடம் கிடைத்தது இங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

இதன் பிறகு ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னோம்: இந்த மாற்றத்துக்கு என்ன காரணமாக இருக்கலாம், செவிலியராக அடுத்த 15 நிமிடங்களில் என்ன செய்வீர்கள், செய்தது பலித்ததா என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள். மூன்றாவது கேள்விக்கே அதிக மதிப்பெண் ஒதுக்கினோம். மறுபடி அளவெடுக்கும் நேரத்தைக் குறிப்பிடாத விடையை முழுமையாக ஏற்பதில்லை.

இரண்டு கட்டுப்பாடுகளில் தளர்வே காட்டவில்லை. முதலாவது, பணியிடத்து முதியவரின் பெயர், அறை எண், பதிவேட்டின் படம் எதையும் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது. நிகழ்வுகளை நாங்களே உருவாக்குவதன் காரணமும் அதுதான். இரண்டாவது, வகுப்பில் செவிலியராக எடுக்கும் முடிவை ஷிப்டில் உதவியாளராக இருக்கும்போது எடுக்கக் கூடாது. ஆக்சிஜன் தொடங்குவது, மாத்திரையை நிறுத்துவது போன்றவை அவர்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை; மொத்தம் 8 என்று தெரிந்தால் செவிலியரை உடனே அழைக்கலாம், செவிலியர் இல்லாத இல்லமானால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்கலாம். ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுவது போன்ற கைவேலைத் திறன்களைக் காணொளி வழியே சோதிக்க நாங்கள் முயலவில்லை. அவற்றை அங்கேயே ஒரு பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் முடித்துக்கொள்ளும்படி பாடத்திட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறோம்.