தொண்டைக்குள் சிரிக்கும் நாய்

மார்ச் 3, 2024, ஞாயிறு

மத்தியானம் பையனுக்குச் சோறு ஊட்டும்போது மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தான். சட்டென்று ஒரு நாய் ஞாபகம் வந்தது. தோள் குலுங்க, பல்லெல்லாம் தெரிய, சத்தம் தொண்டையை விட்டு வெளியே வராமல் சிரிக்கும் நாய். தஞ்சாவூர் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில் பார்த்த கார்ட்டூன். பேர் மட்டும் வரவில்லை.

தேடுவதற்கு முன் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். நாலு படத்தைப் பார்த்துவிட்டால் எது பழைய ஞாபகம், எது இன்றைக்குப் பார்த்தது என்று பிரிக்க முடியாது.

நிச்சயமாகத் தெரிவது: நாயின் சிரிப்பு, அதன் எஜமானாக ஒரு நீள மீசை வில்லன், எப்போதும் ஒரு பறவையைத் துரத்துவார்கள், ஒரு தடவைகூடப் பிடிக்க மாட்டார்கள். நாய் பேசும். குழப்பம்: மீசைக்காரன் காரில் போவது கண்ணில் இருக்கிறது. விமானத்திலிருந்து கீழே விழுவதும் இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

`90s cartoon talking dog chase` என்று தேடினேன். ஸ்கூபி டூ வந்தது, டாம் அண்ட் ஜெர்ரி வந்தது. இரண்டும் இல்லை. பறவையைத் துரத்துவது என்றால் ரோட் ரன்னர்தானே என்றார் அலுவலக நண்பர். அங்கே துரத்துவது ஓநாய் மாதிரி ஒரு மிருகம், தனியாள். என் கார்ட்டூனில் ஒரு கும்பலே துரத்தும்.

ராத்திரிதான் தப்பு புரிந்தது. தொண்ணூறுகள் என்பது நான் பார்த்த காலம், படம் எடுத்த காலம் இல்லை. கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995இல். அதன் தாய் நிறுவனமான டர்னர், பழைய கார்ட்டூன்களை எடுத்த ஹன்னா பார்பரா நிறுவனத்தை 1991இல் வாங்கியிருந்தது. அதனால் அறுபதுகளில், எழுபதுகளில் எடுத்த படங்கள் எல்லாம் நமக்குப் புதுசு மாதிரி வந்தன. நான் போட்ட அந்த `90s`தான் என்னைத் திசைமாற்றியது.

மார்ச் 8, வெள்ளி

அக்காவுக்குப் போன் செய்தேன். என் குறிப்பில் இருந்த எதையும் முதலில் சொல்லவில்லை. சொன்னால் "ஆமாடா, ஆமாடா" என்று தலையாட்டிவிடுவாள். "சின்ன வயசுல பார்த்தோமே, சிரிக்கிற நாய், அதுல வேற என்னக்கா வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மெடல்டா! அவன் விழும்போது காப்பாத்துன்னு கத்துவான். நாய் மெடல் குடுத்தாத்தான் வரும். வாலைக் காத்தாடி மாதிரி சுத்திக்கிட்டே பறக்கும்" என்றாள். அந்த வால் எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் சொன்னதும் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

வருஷத்தை எடுத்துவிட்டு `cartoon dog medals pilot pigeon` என்று போட்டேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. டாஸ்டர்ட்லி அண்ட் மட்லி இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ். 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு. கடிதம் கொண்டுபோகும் புறாவை ஒரு விமானப்படை துரத்துவதுதான் கதையே. பேர் இவ்வளவு நீளமாக இருந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? நிறையப் பேர் அதை 'புறாவைப் பிடி' என்கிற மாதிரி, துரத்தலை வைத்தே சொல்கிறார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

பேர் கிடைத்ததோடு விடவில்லை, ஒரு பகுதியை முழுதாகப் பார்த்தேன். வால் சுற்றுகிறது. கோபம் வந்தால் கொடுத்த மெடலை மீசைக்காரன் பிடுங்கிக்கொள்கிறான். இது அக்காவும் சொல்லாதது, நானும் எழுதாதது. ஆனால் பார்த்த நொடியில் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இதுதான் அது என்று நம்பியது அங்கேதான்.

ஆனால் கார் எங்கே? அது வேறு தொடர். வேக்கி ரேசஸ், 1968. அதே மீசைக்காரன், அதே நாய், பதினோரு கார்களின் பந்தயம். அங்கே அவனுக்கு உயரமான தொப்பி, இங்கே விமானிகளின் தோல் தொப்பியும் கண்ணாடியும். இரண்டு தொடரையும் நான் ஒன்றாகத் தைத்து வைத்திருந்திருக்கிறேன்.

நாய் பேசும் என்று எழுதினேனே, அதையும் திருத்த வேண்டும். மட்லி பேசுவதே இல்லை என்று சொல்லலாம். சிரிக்கும், இல்லையென்றால் வாய்க்குள்ளேயே முனகித் திட்டும். எங்களுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. மீசைக்காரன் பேசியதும் புரியவில்லை, நாய் முனகியதும் புரியவில்லை. அதனால் இரண்டுமே பேச்சு என்று நினைத்துக்கொண்டோம். மட்லிக்குக் குரல் டான் மெஸிக். ஸ்கூபி டூவுக்கும் அவர்தான், அதுவும் முதலில் வந்தது இதே 1969 செப்டம்பர் 13 அன்றுதான்.

அக்காவுக்கு வால் சுற்றும் இடத்தை அனுப்பினேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஒரு வார்த்தை இல்லை, மூச்சை இழுத்து இழுத்துச் சிரிப்பு மட்டும்.