சாக்கு வியாபாரியின் மூன்று பெயர்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். குறுவை நெல் வந்து குவிகிற சமயம். கும்பகோணத்து வியாபாரி ஒருவரிடம் முதல் தடவையாகச் சாக்கு எடுத்தோம். பில் 1,86,000 ரூபாய். அக்கவுண்ட் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

நெட் பேங்கிங்கில் நம்பரையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டதும் கணக்குதாரர் பெயர் வந்தது. ஒரு பெண் பெயர். பில்லிலோ ஏதோ டிரேடர்ஸ். நெஃப்டில் நாம் டைப் செய்யும் பெயரை வங்கி ஒப்பிட்டுப் பார்க்காது, நம்பரை மட்டும் வைத்துப் பணம் போய்விடும். 2025 ஏப்ரல் 1-க்குள் பெயர் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதால்தான் இது கண்ணில் பட்டது.

ஜிஎஸ்டி தளத்தில் பில்லில் இருந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். Trade Name என்ற இடத்தில் அதே டிரேடர்ஸ். Legal Name of Business என்ற இடத்தில் ஓர் ஆண் பெயர். Constitution of Business: Proprietorship. ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்து அவருடைய பான். அதில் நாலாவது எழுத்து P, அதாவது தனிநபர். ஆகக் கடையும் ஆளும் சட்டப்படி ஒன்றுதான். கணக்கு அவர் பெயரில் இருக்கலாம், கடை பெயரில் இருக்கலாம். இனிஷியல் ஓரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்தும் இருந்தால்கூட விட்டுவிடுவேன், நம்மூரில் அது சகஜம். இது வேறு ஆள்.

வாட்ஸ்அப் நம்பருக்குப் பேசாமல் ஜிஎஸ்டி பில்லில் அச்சடித்திருந்த நம்பருக்கு அடித்தேன்.

“என் சம்சாரம் அக்கவுண்ட்தான் தம்பி, போட்டு விடுங்க. கடை அக்கவுண்ட்ல போட்டா பேங்க்காரன் ஓவர்டிராஃப்ட் கடனுக்காக எடுத்துக்குவான்.”

முதலாளியும், “சாக்கு வந்துடுச்சுல்ல, அனுப்பிடு” என்றார். நான் அசையவில்லை. நாளைக்கு அவரே பணம் வரவில்லை என்றால், அவர் மனைவியின் கணக்குக்குப் பணம் போனதற்கான யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண்ணைக் காட்டி என்ன வாதாடுவது?

இரண்டு நாள் இழுத்துவிட்டுக் கடை கணக்கின் கேன்சல் செக்கை அனுப்பினார். திரையில் டிரேடர்ஸ் பெயர் வந்தது. ஆனால் அதே பெயரில் இன்னொருவரும் கடை வைக்கலாமே? இந்தக் கணக்கின் உரிமையாளர் இன்னார், பான் இது என்று கிளையில் ஒரு கடிதம் வாங்கித் தரச் சொன்னேன். அதற்குத்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கடிதம் வந்ததும் பான் எண்ணை ஜிஎஸ்டி எண்ணோடு எழுத்து எழுத்தாக வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. அன்றே நெஃப்டில் அனுப்பினேன்.

அடுத்த லோடு பில்லின் அடியில் கணக்கு எண், கணக்குதாரர் பெயர் இரண்டையும் அச்சடித்தே அனுப்பியிருந்தார்.