காதால் பீட் சேர்ப்பது: 122-க்கும் 125-க்கும் நடுவே ஆறு வாரம்

டிஜே செய்வதுபோல ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாளம் அறாமல் மாறக் கற்றுக்கொள்கிறேன். இந்த ஆறு வாரமும் இரண்டே பாட்டுகளை வைத்துத்தான் பழகினேன். இரண்டும் வெறும் இசை, தாளம் முழுக்கக் கணினியில் அமைத்தது. ஒன்று நிமிடத்துக்கு 122 பீட், மற்றொன்று 125. ஓடிக்கொண்டிருக்கும் 122-இன் மேல் 125-ஐ அதே வேகத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து, கேட்பவருக்கு இணைப்பே தெரியாமல் மாற்ற வேண்டும். திரையில் நிமிடத்துக்கு எத்தனை பீட் என்று காட்டும் பிபிஎம் எண்ணும் அலைவடிவமும் தெரியும் இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன். இரண்டு பாட்டின் பீட்டையும் தானாகவே பொருத்திவிடும் சிங்க் பட்டனைத் தொடவில்லை. சிங்க் கெட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மென்பொருள் பீட்டைத் தப்பாகக் குறித்திருந்தால் சிங்க்கும் அதே தப்பைத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டும்.

முதல் வாரம் முழுக்க ஒரே குழப்பத்தில் போனது. இரண்டாவது பாட்டைச் சரியான பீட்டில் விடுவேன், நான்கு அடி ஒன்றாகக் கேட்கும், பிறகு பிரிந்துவிடும். கன்ட்ரோலர் என்ற டிஜே கருவியில் இருக்கும் வட்டத் தட்டான ஜாக் வீலைத் தள்ளுவேன், சேரும். மறுபடி பிரியும். மறுபடி தள்ளுவேன். கை ஓயவே இல்லை.

குழப்பத்தின் காரணம் பிறகுதான் பிடிபட்டது. இதில் இரண்டு தனித்தனித் தவறுகள் இருக்கின்றன. ஒன்று வேகம்: இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. மற்றொன்று இடம்: வேகம் ஒன்றாக இருந்தும் ஒன்று சற்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால் நிற்கிறது. ஜாக் வீலின் ஓரத்தைத் தள்ளினால் இடம் மட்டும்தான் மாறும், கையை எடுத்ததும் பழைய வேகமே திரும்பிவிடும். வேகத்தை மாற்றுவது டெம்போ ஃபேடர் என்ற நகர்த்தும் பிடி. நான் வேகத் தவறை வீலால் திருத்தப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரே பக்கம் இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தால், மூன்றாவது முறை கை ஃபேடருக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வாரம் ஃபேடரோடு கழிந்தது. என் கன்ட்ரோலரில் அதன் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், 60 மில்லிமீட்டர். அதன் எல்லை ±16 சதவீதத்தில் இருந்தது. அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் வேகம் அரை சதவீதத்துக்கு மேல் மாறுகிறது. விரல் லேசாக நடுங்கினாலே பாட்டு ஓடிவிடும். எல்லையை ±8-க்கு மாற்றினேன். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளிலும் இதே ±8தான். இப்போது ஒரு மில்லிமீட்டருக்கு 0.27 சதவீதம், 125 பீட் பாட்டில் அது ஏறக்குறைய 0.33 பிபிஎம். புதிதாகத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இது என்றே சொல்வேன்.

மூன்றாவது வாரத்தில்தான் கதவு திறந்தது. இரண்டு கிக் டிரம் சரியாகப் பொருந்தினால் 'டும்' என்று ஒரே அடியாகக் கேட்கும். 20, 30 மில்லி விநாடி விலகினால் 'டுடும்' என்று இரட்டிக்கும். அதற்கும் மேல் போனால் குதிரை ஓடும் சத்தம். நான் கவனிக்கத் தொடங்கியது, இந்த இரட்டிப்பு எத்தனையாவது அடியில் வருகிறது என்பதை. 122-இல் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 492 மில்லி விநாடி. வேகத்தில் ஒரு பிபிஎம் வித்தியாசம் இருந்தால் அடிக்கு 4 மில்லி விநாடி வீதம் விலகும், 8 அடியில் 30-ஐத் தாண்டிவிடும். வித்தியாசம் அரை பிபிஎம் என்றால் 16 அடி தாங்கும். கால் என்றால் 32. அதாவது, தவறு எவ்வளவு பெரிது என்பதை அது வெளிப்பட எடுத்துக்கொள்ளும் நேரமே சொல்லிவிடுகிறது. அதுவரை ஃபேடரை உத்தேசமாக ஆட்டிக்கொண்டிருந்த நான், அடிகளை எண்ண ஆரம்பித்தேன்.

இன்னொரு சிக்கல் மீதி இருந்தது. விலகுகிறது என்று தெரிகிறது, ஆனால் எது முந்துகிறது? கிக் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் பிரித்தறிவது கடினம். கைத்தட்டல் போன்ற ஒலியோ ஹை-ஹாட்டோ பாட்டுக்குப் பாட்டு மாறும், அதைக் கவனித்தால் ஓரளவு தெரியும். எனக்கு அதைவிட உதவியது ஒரு தந்திரம். வரப்போகும் பாட்டை வேண்டுமென்றே தேவைக்கும் குறைவான வேகத்தில் வைத்துத் தொடங்குவது. அப்போது பின்தங்குவது எது என்பதில் சந்தேகமே இல்லை. எப்போதும் ஒரே திசையில், முன்னோக்கி மட்டும் திருத்தினால் போதும்.

ஒரு நாள் முயற்சியை அப்படியே எழுதுகிறேன். 122 ஸ்பீக்கரில் ஓடுகிறது. 125-ஐ ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கிறேன். அதன் முதல் கிக்கின் விளிம்பில், பாட்டு தொடங்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் கியூ புள்ளி வைத்திருக்கிறேன். ஃபேடரைச் சுமார் −4 சதவீதத்துக்கு இறக்கினேன், அதாவது 120-க்கு. வாயால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணி, அடுத்த ஒன்றில் பிளே அழுத்தினேன். நான்காவது அடியிலேயே இரட்டித்தது. நான்கு அடி என்றால் இரண்டு பிபிஎம் அளவு குறை, ஃபேடரில் 6 மில்லிமீட்டர். தாண்டிப் போய்விடக் கூடாது என்று 5 மட்டும் ஏற்றினேன். கியூ புள்ளிக்குத் திரும்பி மறுபடி விட்டேன். இந்த முறை 20 அடிவரை ஒரே 'டும்', அதன் பிறகு மெல்லப் பிரிந்தது. ஆக, இன்னும் மூன்றில் ஒரு பங்கு பிபிஎம் குறை, ஒரு மில்லிமீட்டர். ஏற்றினேன். மூன்றாவது முறை விட்டதும் 64 அடியும் நின்றது, நடுவில் வீலில் ஒரே ஒரு சிறு தள்ளல். காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்: −2.4 சதவீதம், 122.0. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

(வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் கீ லாக் இல்லாமல் 2.4 சதவீதம் குறைத்தால் சுருதியும் அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். தாளம் மட்டும் ஒலிக்கும்போது இது உறுத்தாது. இரண்டு பாட்டின் மெட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் உறுத்தும்.)

நான்காவது வாரம் பீட் சேர்ந்த தைரியத்தில் நேராகக் கலக்கப் போனேன். பீட் பொருந்தியும் கலவை கோணலாக இருந்தது. பிளேவை நான்கின் ஒன்றில்தான் அழுத்தினேன், ஆனால் முதல் பாட்டின் வாக்கியத்துக்கு நடுவே அழுத்தியிருக்கிறேன். இந்த வகைப் பாட்டுகள் பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு முறை பேச்சை மாற்றும்: புதிதாக ஒரு வாத்தியம் சேரும், இல்லையென்றால் ஒன்று விலகும். ஆவர்த்தனம் முடிந்து சமத்துக்கு வருவது போல அந்த 32-இன் முதல் அடிதான் எடுப்பு. என் இரண்டாவது பாட்டு 12 அடி தள்ளி ஏறியதால் ஒன்று முடிக்கும் இடத்தில் மற்றது பாதிப் பேச்சில் நின்றது. காது அதை மன்னிப்பதில்லை.

ஒலியிலும் ஒரு தவறு. இரண்டு கிக்கும் இரண்டு பேஸும் சேர்ந்து ஒலித்தபோது மீட்டர் சிவப்புக்குப் போனது. அதைவிட மோசம், சில அடிகள் குண்டாகவும் சில அடிகள் மெலிந்தும் கேட்டன. தாழ்ந்த ஒலிகளின் அலைகள் நீளமானவை. இரண்டு பேஸ் சேரும்போது சில நேரம் ஒன்றையொன்று கூட்டும், சில நேரம் விழுங்கும். எனவே ஒரு நேரத்தில் ஒரு பாட்டின் பேஸ் மட்டுமே.

ஐந்தாவது வாரம் முழுக்க ஒரே ஒரு மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தேன். முதல் பாட்டின் முடிவில் 64 அடி வெறும் தாளம், இரண்டாவதன் தொடக்கத்திலும் 64 அடி வெறும் தாளம். 122 வேகத்தில் அது 31 விநாடிக்குச் சற்று மேல். முதல் பாட்டின் மெட்டு ஓய்ந்து அந்த 64 தொடங்கும் அடியில், பேஸைக் கூட்டிக் குறைக்கும் லோ ஈக்யூ குமிழை முழுக்க இறக்கிய நிலையில் இரண்டாவதை விட்டேன். ஒலி ஃபேடரை 16 அடிக்குள் மெல்ல ஏற்றினேன். முதலில் ஹை-ஹாட் மட்டும் கசிவதுபோல் வரும், யாருக்கும் தெரியாது. 33-ஆம் அடியில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஒன்றின் லோவை இறக்கி மற்றதன் லோவை ஏற்றினேன். கிக்கின் குரல் அந்த ஒரு நொடியில் மாறுகிறது, தாளம் அசையவில்லை. மீதி 32 அடியில் முதல் பாட்டைக் கீழே கொண்டுபோனேன். 65-ஆம் அடியில் இரண்டாவதன் மெட்டு தனியாக நுழைந்தது. உள்ளே வரும் ஒலியின் அளவான கெயினை இரண்டு பாட்டுக்கும் முன்பே ஒரே அளவுக்குச் சரிசெய்திருந்ததால் பேஸ் கைமாறும்போது ஒலி துள்ளவில்லை. இந்த 33-ஆம் அடியை நான் ஒரு நாளைக்கு முப்பது முறையாவது செய்திருப்பேன். முந்தினால் ஓர் அடிக்குப் பேஸ் இரட்டிக்கும், பிந்தினால் ஓர் அடிக்கு அடிவயிறு காலியாகும்.

ஆறாவது வாரம் ஒரு நண்பர் வீட்டுக் கொண்டாட்டத்தில் போட்டேன். வீட்டில் பிசகாமல் வந்தது அங்கே பிசகியது. பதிவைக் கேட்டபோது எல்லா இணைப்பிலும் 'டுடும்', அதுவும் மாறாத ஒரே அளவு இடைவெளியில். வேகத் தவறு என்றால் இடைவெளி வளர்ந்திருக்கும், இது வளரவில்லை. ஸ்பீக்கர்கள் என்னிடமிருந்து பத்து மீட்டர் தள்ளி இருந்தன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, பத்து மீட்டர் கடக்க 29 மில்லி விநாடி. ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் தாமதமாக வந்து சேரும் ஸ்பீக்கர் ஒலி; அந்தத் தாமதத்தோடு நான் கவனமாகப் பொருத்தியிருக்கிறேன். இப்போது கியூ மிக்ஸ் குமிழைத் திருப்பி இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனிலேயே கேட்டுப் பொருத்துகிறேன். பக்கத்தில் மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால் அதுவும் சரி.

இந்த வாரம் கையில் எடுத்திருப்பது டிரம்மர் நேரில் வாசித்த பழைய பாட்டு. மனிதக் கை வாசித்ததால் சரணத்தில் வேகம் சற்று ஏறுகிறது, முடிவில் இறங்குகிறது. எந்த ஃபேடர் நிலையும் 30 அடிக்கு மேல் தாங்கவில்லை, கை வீலிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. கடைசி 4 அடியைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் பிடித்து, அந்த லூப்போடு புதிய பாட்டைப் பொருத்திப் பார்த்தேன். லூப்புக்குள் வேகம் மாறுவதில்லை என்பதால் நின்றது. ஆனால் லூப்பின் கடைசி அடி முதல் அடியோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் இருக்கிறது. வெளிவரும் புள்ளியைச் சில மில்லி விநாடி பின்னால் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.