அப்பத்தாவும் வடக்கு ஜன்னலும்

அப்பத்தாவை நல்லதாக ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று சித்திரை பிறந்த வாரத்தில் ஆரம்பித்தேன். வெளிச்சம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு மொட்டை மாடியில் நிற்க வைத்தேன். “கண்ணு கூசுதுய்யா, சட்டுனு எடு” என்றார். பத்துப் படம் எடுத்தேன். ஒன்றிலும் கண் இல்லை.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவில் உச்சி வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். புருவ எலும்பின் நிழல் கண்குழி முழுவதையும் மூடியிருந்தது. மூக்கின் நிழல் மேலுதட்டில் கறுப்பாக விழுந்திருந்தது. நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்து, அங்கே தோலின் நிறமே பதிவாகவில்லை. சூரியன் எவ்வளவு பெரியதானாலும், நம் கண்ணுக்கு வானத்தில் ஒரு சின்ன வட்டம்தான். ஒரே புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் கத்தியால் வெட்டியது மாதிரி நிழல் போடும். ஜன்னல் அப்படியில்லை. நாலடி அகல ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், முகத்துக்கு அது பெரிய வெளிச்சப் பலகை. முகச் சுருக்கத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கத்து வெளிச்சத்தை மறைத்தாலும், பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சம் உள்ளே போய்விடும்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு, கூடத்தின் வடக்கு ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டேன். கேமராவில் 50 மிமீ லென்ஸ். இந்தத் தடவை வேறு சிக்கல். ஜன்னலிலிருந்து ஒன்றரை அடியில், முகம் நேராக என்னைப் பார்க்க, வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் விழுந்தது. ஒரு கன்னம் வெளுப்பு, மறு கன்னம் இருட்டு, நடுவில் மூக்கு ஒரு சுவர் மாதிரி. கூடவே டியூப்லைட்டை அணைக்க மறந்திருந்தேன். நிழல் பக்கம் மட்டும் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. ஒரே முகத்தில் இரண்டு விதமான வெளிச்சம் கலந்துவிட்டால், பிறகு நிறத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெட்டுவிடுகிறது.

அங்கேயே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். முதலில் டியூப்லைட்டை அணைத்தேன். நாற்காலியை நாலடி தூரத்துக்கு இழுத்தேன். இந்தத் தூரத்தில் இரண்டு கன்னங்களுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிட்டது. அப்புறம், “அப்பத்தா, ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க” என்று சொல்லி, ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பச் சொன்னேன். இருட்டுக் கன்னத்தில் முக்கோணமாகச் சின்ன வெளிச்சம் விழுந்ததும் அந்த இடத்தில் நிறுத்தினேன். நிழல் பக்கத்தில், படத்துக்குள் வராதபடி, இரண்டடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தேன். காதோரம் இருட்டில் கிடந்த தோடு இப்போது தெரிந்தது. லென்ஸ் திறப்பு f/2.8, ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஒளி உணர்திறன் ISO 800. ஜன்னல் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ்.

அந்தப் படத்தில் இரண்டு கண்மணிகளிலும் ஜன்னல் சதுரமாகத் தெரிகிறது, குறுக்குக் கம்பியோடு. இப்போதெல்லாம் எடுப்பதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான். கண்ணில் ஜன்னல் தெரியவில்லை என்றால், முகத்தைத் திருப்பவோ நாற்காலியை நகர்த்தவோ வேண்டும்.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று எங்கோ படித்து நம்பியிருந்தேன். அது குளிர்நாட்டுப் பேச்சு. அங்கேயும் எல்லா மாதமும் அப்படி இல்லை. நம் ஊரில் ஆனி மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் கடைசியில் காலை எட்டு மணிக்கு எடுத்தபோது சாய்ந்த வெயில் நேராக உள்ளே வந்து, அப்பத்தாவின் கன்னத்தில் ஜன்னல் கம்பிகளை வரிசையாகக் கோடு போட்டது. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கம்பியில் கட்டினேன். வெயில் வேட்டியிலேயே தங்கிவிட்டது, வேட்டி முழுக்க வெளிச்சமானது. கோடுகள் காணோம். பட்டுக்கரை உள்ள பக்கம் முகத்துக்கு எதிரே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது நிழல் போடும். நடுப்பகலில் வேட்டி தேவைப்படவில்லை, அந்த உயரத்து வெயிலைச் சன்ஷேடே தடுத்துவிடுகிறது.

ஒரே இடத்தில் இருக்க மாட்டாத அண்ணன் மகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு இன்னும் கைகூடவில்லை. 1/125-இல் கை, தலை எல்லாம் கலங்கிவிடுகின்றன. 1/320 வைத்தால் ISO 2000-க்குப் போகிறது, நிழல்களில் மணல் தூவியது போல் ஆகிறது. அவளை ஜன்னல் திண்டிலேயே ஏற்றி உட்கார வைத்து, கையில் ஒரு மாம்பழத் துண்டைக் கொடுத்து அடுத்த ஞாயிறு பார்க்கப் போகிறேன். அங்கே வெளிச்சம் அதிகம், கம்பியும் பாதுகாப்பு.