ஃபிரிட்ஜ் பில்

"பில் இருக்கா சார், வாரண்டியில போட்டுடலாம்" என்றார் காலையில் வந்த மெக்கானிக். ஜிமெயிலில் தேடு தேடென்று தேடினேன். மூன்று மாதம் முன்பு இன்பாக்ஸைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று, விளம்பர மெயில்களோடு சேர்த்து நானே டெலீட் செய்திருக்கிறேன்.

டெலீட் செய்தது டிராஷில் 30 நாள்தான் இருக்கும். அப்புறம் போயே போச்சு.

ஆர்க்கைவ் அப்படியில்லை. இன்பாக்ஸை விட்டு நகரும், அவ்வளவுதான். தேடினால் கிடைக்கும், யாராவது பதில் போட்டால் தானாக இன்பாக்ஸுக்கே திரும்பி வரும். ஆனால் இடம் காலியாகாது, இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேரும்.

இனி ஞாயிறு காபியோடு இருபது நிமிடம். முதலில் ஒரு வாரத்துக்கு மேல் பழைய விளம்பர மெயில்களை இப்படித் தேடுவேன்:

```
category:promotions older_than:7d
```

வந்ததில் பில் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை (என்னுடையது அங்கேதான் கிடந்திருக்க வேண்டும்), பிறகு டெலீட். அடுத்து இன்பாக்ஸில் பில், டிக்கெட், பேங்க் சமாச்சாரம், முடிந்துபோன பேச்சு எல்லாம் ஆர்க்கைவ். ஓடிபி மெயில்களுக்கு யோசனையே வேண்டாம், டெலீட்தான். நான் பதில் போட வேண்டியது மட்டும் நிற்கும்.

இன்று நிற்பது நான்கு.

மெக்கானிக்குக் கொடுத்தது 2,800 ரூபாய்.